காலையில் கல்லூரி, மதியம் ஆடிட்டர் ஆபீஸ்: பி.காம். மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பி.காம். படித்தபோது மதிய நேரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இன்டர்னாக இருந்தேன். இப்போது அதே மாதிரி இன்னொரு ஆபீஸில் வேலை பார்க்கிறேன், எங்களிடம் வரும் இன்டர்ன்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும் நான்தான். ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் தம்பி தங்கைகள் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள் என்பதால் அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சென்னையில் ஷிப்ட் முறை உள்ள கலை அறிவியல் கல்லூரியில் காலை ஷிப்ட் படிப்பவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

அக்கா, ஷிப்ட் ஒன்னுல படிக்கிறேன். மதியத்துக்கு மேல இன்டர்ன்ஷிப் போனா தாங்குமா?

தாங்கும், ஆனால் முதல் வருடம் வேண்டாம். இரண்டாம் ஆண்டில், ஜர்னல் என்ட்ரி, வங்கி ரீகன்சிலியேஷன், ஃபைனல் அக்கவுண்ட்ஸ் எல்லாம் கை பழகிய பிறகு போனால் ஆபீஸில் சொல்வது உடனே புரியும். அதற்கு முன்னால் போனால் ஜெராக்ஸ் எடுப்பதிலும் ஃபைல் அடுக்குவதிலும்தான் மதியம் போகும்.

ஆபீஸ் எவ்வளவு நல்லது என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கல்லூரிக்கும் வீட்டுக்கும் நடுவில், போகிற வழியிலேயே இருக்கிற ஆபீஸ் சரி. வீட்டைத் தாண்டியோ எதிர்த் திசையிலோ இருந்தால் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயணத்தில் போகும். வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் என்பது ஒரு முழு பாடத்துக்கான படிப்பு நேரம்.

இதுவும் சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்பும் ஒண்ணுதானா?

இல்லை. ஆர்ட்டிகிள்ஷிப் என்பது சி.ஏ. இன்டர்மீடியட் இரண்டு குரூப்பும் முடித்து, முறைப்படி பதிவு செய்து இரண்டு வருடம் செய்யும் பயிற்சி. அதற்கு வேலை நேரம், விடுப்பு எல்லாவற்றுக்கும் தனி விதிகள் உண்டு. இங்கே நான் சொல்வது ஆடிட்டரிடம் பேசி ஏற்பாடு செய்துகொள்ளும் பகுதி நேர இன்டர்ன்ஷிப். எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது என்பதால் நேரத்தைச் சேரும்போதே பேசி முடிவு செய்ய வேண்டியது உங்கள் பொறுப்பு.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒத்துக்கலாம்?

பதினாறு. நாலு நாள், நாளுக்கு நாலு மணி நேரம். நெருக்கடியான வாரத்தில் இருபது வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 49, வகுப்புக்கு 25, பயணத்துக்கு சுமார் 13. குளியல், சாப்பாடு, வீட்டு வேலை, போன் எல்லாம் சேர்த்து நாளுக்கு நாலு மணி நேரம் என்று வைத்தால் 28. ஆபீஸுக்கு 16 போக 37 மணி நேரம் மிஞ்சுகிறது. படிப்புக்கும் அசைன்மென்ட்டுக்கும் 12 முதல் 14 மணி நேரம் போதுமே, இன்னும் ஒரு நாள் கூடப் போகலாமே என்று இங்கேதான் நிறைய பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். அந்த 37 மணி நேரமும் முழுசாகக் கையில் கிடைப்பதில்லை. பாதி நேரம் ஸ்டேஷனில் இருபது நிமிடம், சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி என்று சிதறிப்போகும். மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார முடிகிற துண்டுகள் வாரத்துக்கு மூன்றோ நாலோதான் வரும். ஆபீஸுக்கு இன்னொரு மதியத்தைக் கொடுத்தால் காணாமல் போவது அந்தத் துண்டுகளில் ஒன்று.

ஒரு வாரம் எப்படி இருக்கும்னு அப்படியே எழுதிக் காட்டுங்களேன்

குரோம்பேட்டையில் வீடு, நுங்கம்பாக்கம் பக்கம் கல்லூரி, தி.நகரில் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் பாதையில் இருப்பதால் ஒரே சீசன் டிக்கெட் போதும், மாம்பலத்தில் இறங்கி ஏறிக்கொள்ளலாம்.

திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி இந்த நாலு நாளும் ஒரே மாதிரி. காலை 5.30-க்கு எழுந்து ஏழு மணி வாக்கில் ரயில். 8.15 முதல் 1.15 வரை வகுப்பு. கொண்டுபோன சாப்பாட்டைக் கல்லூரியிலேயே சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினால் மாம்பலம் இரண்டாவது ஸ்டேஷன். 2.15 முதல் 6.15 வரை ஆபீஸ். ஏழரைக்குள் வீடு. சாப்பிட்டு, கொஞ்சம் ஓய்வெடுத்து, 8.45 முதல் 9.45 வரை ஒரு மணி நேரம் மட்டும் படிப்பு. 10.30-க்குப் படுத்துவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை இரண்டாக எழுதி வைக்காதீர்கள், நடக்காது. நடக்காத அட்டவணையை மூன்றாம் நாளே தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

புதன்கிழமை ஆபீஸ் இல்லை. இரண்டரைக்கு வீட்டில் இருப்பீர்கள், கொஞ்சம் தூங்கிவிட்டு மூன்றரை முதல் ஆறரை வரை அசைன்மென்ட், இரவு ஒரு மணி நேரம் படிப்பு. சனிக்கிழமை கல்லூரி இல்லையென்றால் காலையில் நாலு மணி நேரம் கணக்குப் பாடம். ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம், மதியத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். கூட்டினால் 15 மணி நேரம் வரும். அதில் உறவினர் வீட்டு விசேஷம், காய்ச்சல், ரயில் தாமதம் என்று இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும், மிச்சம் இருப்பது போதும்.

புதன்கிழமைன்னு எழுதிட்டீங்க. எங்க காலேஜ்ல டே ஆர்டர் மாறிக்கிட்டே இருக்கே, என்ன பண்றது?

எல்லோரையும் குழப்புகிற விஷயம் இது. கல்லூரி டைம்டேபிள் ஆறு டே ஆர்டரில் ஓடுகிறது, ஆனால் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள்தான் வகுப்பு. இந்தத் திங்கள் முதல் ஆர்டர் என்றால் வெள்ளி ஐந்தாம் ஆர்டர், அடுத்த திங்கள் ஆறாம் ஆர்டர். நடுவில் ஒரு லீவு வந்தால் மறுபடி நகரும். ஆபீஸுக்கோ திங்கள் என்றால் திங்கள்தான். அதனால் எந்த ஆர்டரில் லேசான வகுப்பு என்று பார்த்து ஆபீஸ் நாளை முடிவு செய்யாதீர்கள். அந்தக் கணக்கு அடுத்த வாரமே மாறிவிடும்.

ஆபீஸ் நாள்களைக் கிழமையில் நிரந்தரமாக வையுங்கள். ஞாயிறு மாலை கல்லூரி காலண்டரைப் பார்த்து, வரும் ஐந்து நாள்களுக்கும் பக்கத்தில் டே ஆர்டர் எண்ணை மட்டும் எழுதுங்கள். பத்து நிமிட வேலை. எந்த நாளில் எந்தப் புத்தகம், எந்த ரெக்கார்டு, எந்த ஆசிரியரிடம் அசைன்மென்ட் கொடுக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். "காஸ்ட் அக்கவுண்டிங் அசைன்மென்ட் அடுத்த மூன்றாம் ஆர்டரில் கொடுங்கள்" என்று சொன்னால், அது எந்தத் தேதி என்று அன்றைக்கே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வியாழன் என்று நினைத்திருப்பீர்கள், நடுவில் லீவு இல்லாமல் செவ்வாயிலேயே வந்துவிடும்.

ராத்திரி கணக்கு போட உட்கார்ந்தா தூக்கம்தான் வருது. எந்தப் பாடத்தை எப்போ படிக்கிறது?

கார்ப்பரேட் அக்கவுண்டிங், காஸ்ட் அக்கவுண்டிங், இன்கம் டேக்ஸ் இதெல்லாம் இரவில் படிக்கிற பாடங்கள் இல்லை. நாலு மணி நேரம் டேலியில் வவுச்சர் போட்டுவிட்டு வந்தவர் மறுபடி எண்களோடு உட்கார்ந்தால் மூளை மறுக்கும், அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். ஒரு பெரிய கணக்கை வொர்க்கிங் நோட்ஸோடு முழுசாகப் போட ஐம்பது நிமிடம் ஆகும், நடுவில் நிறுத்தினால் மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே கணக்குப் பாடம் எல்லாம் சனி, ஞாயிறு காலைக்கு. அமல்கமேஷன் கணக்கு நாலு என்றால் நாலையும் புத்தகத்தைப் பார்க்காமல், பேனாவால், கடைசி வரை போடுங்கள்.

ஆடிட்டிங், கம்பெனி லா, மார்க்கெட்டிங் மாதிரி தியரி பாடங்கள் இரவு ஒரு மணி நேரத்துக்குப் பொருந்தும். காலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் முந்தின நாள் வகுப்புக் குறிப்பை ஒரு முறை படிக்கலாம், அது போதும். சாயங்கால ரயிலில் படிக்கத் திட்டமே போடாதீர்கள், அந்த நேரத்து மாம்பலம் கூட்டத்தில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது.

கடைசி ஹவர் மட்டும் கட் பண்ணிட்டு சீக்கிரம் ஆபீஸ் போயிடலாம்னு இருக்கேன். அட்டெண்டன்ஸ் 75 இருந்தா போதும்ல?

செய்யாதீர்கள். பொதுவாக ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம், ஆக 450 மணி நேரம். தினமும் கடைசி ஹவரை விட்டால் 90 மணி நேரம் போகும், 80 சதவீதம் நிற்கும். 75-க்கு மேல்தானே என்று தோன்றும். ஆனால் மீதம் இருக்கிற இடைவெளி 22 மணி நேரம், கடைசி ஹவர் ஏற்கனவே போய்விட்டதால் நாளுக்கு நாலு மணி நேரம் வீதம் ஐந்தரை நாள். ஒரு டைபாய்டு வந்தால் முடிந்தது. 75-க்குக் கீழே, 65 வரை இருந்தால் காண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வாய்ப்பு உண்டு. அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வே கைவிட்டுப் போகும்.

இன்னும் பெரிய ஆபத்து, சில கல்லூரிகளில் ஒரு ஹவர் வராவிட்டாலும் அரை நாள் ஆப்சென்ட் என்று போடுகிறார்கள். அங்கே தினமும் கடைசி ஹவரை விடுவது பாதி அட்டெண்டன்ஸை இழப்பதற்குச் சமம். உங்கள் கல்லூரியில் மணிக்கணக்கா, அரை நாள் கணக்கா, பாடவாரியா என்று டிபார்ட்மென்ட் ஆபீஸில் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். ஆபீஸ் இரண்டு மணிக்கு வரச் சொன்னால், இரண்டே காலுக்குத்தான் வர முடியும் என்று சொல்லுங்கள். எந்த ஆடிட்டரும் கால் மணி நேரத்துக்காக ஒருவரை வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

சி.ஐ.ஏ. டெஸ்ட் வர்ற வாரத்துலதான் ஆபீஸ்லயும் ஜிஎஸ்டி டேட் வருது. ரெண்டையும் எப்படிச் சமாளிக்கிறது?

ஆடிட்டர் ஆபீஸுக்கு மாதம் முழுக்க ஒரே அளவு வேலை இருக்காது. 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவரம். 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வரும், அதை வாடிக்கையாளரின் பர்சேஸ் பில்லோடு ஒப்பிட வேண்டும். 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது அந்த மாத வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்ன். மாதத்தின் 5 முதல் 20 வரை பரபரப்பு, 21-க்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். இதற்கு மேல் ஜூலை கடைசியில் வருமான வரி ரிட்டர்ன், செப்டம்பர் கடைசியில் டேக்ஸ் ஆடிட். இந்த இரண்டு மாதமும் 21-க்குப் பிறகும் ஓய்வு இருக்காது, தேதியை நீட்டித்தால் பரபரப்பும் நீளும். கல்லூரி காலண்டரில் டெஸ்ட் தேதிகள் செமஸ்டர் தொடக்கத்திலேயே போட்டிருப்பார்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் எங்கே மோதுகிறது என்று இரண்டு மாதம் முன்பே தெரிந்துவிடும்.

ஒரு உதாரணம். பிப்ரவரி 9 முதல் 13 வரை டெஸ்ட், நடுவில் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1. ஜனவரி நடுவிலேயே சாரிடம் போய், "சார், இந்த மாதக் கடைசி இரண்டு வாரமும் சனிக்கிழமை காலையும் வருகிறேன், டெஸ்ட் வாரத்தில் வெள்ளி மட்டும் வருகிறேன்" என்று சொல்லுங்கள். ஜனவரி கடைசி இரண்டு வாரம் இருபது இருபது மணி நேரம், பிப்ரவரி முதல் வாரம் வழக்கமான 16, டெஸ்ட் வாரத்தில் கடைசிப் பரீட்சை முடிந்த பிறகு 4, அடுத்த வாரம் 3பி வேலைக்கு 20. ஐந்து வாரத்துக்கு 80, சராசரி அதே பதினாறுதான். சும்மா லீவு கேட்பதைவிட இப்படிக் கேட்டால் சார் யோசிக்காமல் சரி என்பார், ஏனென்றால் அவருக்கும் ஆள் கணக்கு தெளிவாகத் தெரிகிறது.

வேலையையும் முன்னால் இழுக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் பில்லை மாதம் முடிந்த பிறகுதான் மொத்தமாக அனுப்புவார்கள். உங்களுக்குக் கொடுத்த நாலைந்து பேரிடம் 25-ஆம் தேதி வரையிலான விற்பனை பில்லை அப்போதே அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கி என்ட்ரி போட்டுவிடுங்கள். மீதி ஆறு நாள் பில் பிப்ரவரி முதல் வாரத்தில் வந்துவிடும். 6-ஆம் தேதி சீனியரிடம் நீங்கள் கொடுக்கும்போது அவர் சரிபார்த்து ஃபைல் செய்வது மட்டும்தான் பாக்கி இருக்க வேண்டும்.

ஆறேகாலுக்குக் கிளம்பும்போதுதான் "இதை மட்டும் முடிச்சுட்டுப் போம்மா"ன்னு சொல்றாங்க. எப்படி மறுக்கிறது?

10, 11, 19, 20 தேதிகளில் மறுக்காதீர்கள். அந்த நாள்களில் எல்லோரும் இருப்பார்கள், ஏழரை வரை இருந்து முடித்துக் கொடுங்கள், வீட்டுக்கு முன்னாலேயே தெரியப்படுத்துங்கள். கல்லூரியில் சொல்லித் தராத வேலையைக் கற்றுக்கொள்வதும் அன்றைக்குத்தான். அதற்கு மேல் நேரமானால் வீட்டில் சம்மதிக்கவில்லை என்று நேராகச் சொல்லலாம், ரயில் நேரத்தைச் சொல்லலாம்.

மற்ற நாள்களில் தடுக்க ஒரு வழி இருக்கிறது. ஐந்தரைக்கே சீனியரிடம் போய், "அக்கா, இது முடிந்தது, இன்னும் பதினெட்டு வவுச்சர் இருக்கிறது, நாளைக்கு முடிக்கிறேன், வேறு அவசரம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அவசரமானது அப்போதே வெளியே வரும். வேலை எங்கே நிற்கிறது என்று தெரியாததால்தான் பெரும்பாலும் கடைசி நிமிடத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வரும் கேள்விக்கு மறுநாள் காலை ரயிலில் பதில் போட்டால் போதும்.

அசைன்மென்ட் எல்லாம் ஒரே வாரத்துல கேட்கிறாங்க. ஒரு புதன்கிழமை எப்படிப் போதும்?

போதாது, அதனால்தான் கொடுத்த வாரத்திலேயே தொடங்க வேண்டும். ஐந்து அசைன்மென்ட்டையும் தொடங்கிவிட்டு எதையும் முடிக்காமல் இருப்பதைவிட, ஒரு புதனுக்கு ஒன்று என்று முடித்து வைப்பது நல்லது. கையால் எழுத வேண்டியதை முதலில் எடுங்கள், ஏனென்றால் எழுதும் வேகத்தை எந்த அவசரத்திலும் கூட்ட முடியாது. பதினைந்து பக்கம் என்றால் மூன்று மணி நேரம் ஆகும்.

மதராஸ் பல்கலைக்கழக முறையில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. தன்னாட்சிக் கல்லூரி சிலவற்றில் இது பாதிக்குப் பாதி. உங்களுக்குப் பாதிக்குப் பாதி என்றால் அசைன்மென்ட்டுக்கு இன்னும் நேரம் ஒதுக்குங்கள். 25 என்றால் அசைன்மென்ட்டை அழகுபடுத்த இரவு விழிக்காதீர்கள், அந்த நேரம் சனிக்கிழமைக் கணக்குகளுக்குப் போகட்டும்.

அளவுக்கு மீறிப் போகுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

புதன்கிழமையைப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு புதன் ஆபீஸுக்குப் போயிருந்தால் அட்டவணை உடைந்துவிட்டது என்று பொருள், மதிப்பெண் குறையும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்து, முதல் ஹவரில் தூங்குகிறீர்களா என்று பாருங்கள், இரவு ஏழு மணி நேரத் தூக்கம் ஐந்தரையாகக் குறைந்தால் அது அங்கேதான் தெரியும். மூன்றாவது, சனிக்கிழமை கணக்கு நோட்டில் தேதி போட்டுப் போடுகிறீர்கள் என்றால் அதிலேயே தெரியும், இரண்டு வாரம் தேதி இல்லையென்றால் அந்தப் பாடத்தில் அரியர் வரும் வாய்ப்பு அதிகம்.

அப்போது உடனே விட்டுவிடாமல் முதலில் மூன்று நாளாகக் குறைத்துக் கேளுங்கள். வெள்ளிக்கிழமையை விடுங்கள், வியாழன் மாலையோடு ஆபீஸ் முடிந்தால் வெள்ளி மதியம் படிப்புக்குக் கிடைக்கும். ஒரு மாதம் அப்படிப் பார்த்தும் சரியாகவில்லை என்றால் இந்த செமஸ்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செமஸ்டர் எக்ஸாமுக்கு ஒரு மாசம் லீவ் கேட்டா சர்டிபிகேட் தரமாட்டாங்களோன்னு பயமா இருக்கு

சேருகிற அன்றைக்கே பேச வேண்டியது இது. "நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வுக்கு முன் இரண்டு வாரத்திலிருந்து தேர்வு முடியும் வரை வரமாட்டேன்" என்று சொல்லி, அதையே ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள். நவம்பருக்குள் டேக்ஸ் ஆடிட் வேலை அனேகமாக முடிந்திருக்கும், அதனால் சிக்கல் குறைவு. ஏப்ரலில் நிதியாண்டு முடிந்து கணக்கு முடிக்கும் வேலை தொடங்கியிருக்கும், ஆனால் அவசரத் தேதி எதுவும் உடனே இருக்காது.

ஏற்கனவே சேர்ந்துவிட்டீர்கள், பேசவில்லை என்றால் ஹால் டிக்கெட்டுக்குக் காத்திருக்காமல் தேர்வு அட்டவணை வந்த அன்றே காட்டுங்கள். போகும் முன் உங்கள் கையில் இருக்கிற ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்கும் பக்கத்தில் எந்தத் தேதி வரை என்ட்ரி போட்டிருக்கிறது, எந்த பில் வரவில்லை, வங்கிக் கணக்கு எந்த மாதம் வரை ஒத்துப்போகிறது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். உங்கள் வேலையை அடுத்தவர் கேள்வி கேட்காமல் எடுத்துச் செய்ய முடிந்தால் சர்டிபிகேட்டில் யாரும் பிடித்துவைக்க மாட்டார்கள். அதில் தேதியும் மொத்த மணி நேரமும் வரும்படி கேட்டு வாங்குங்கள், கல்லூரியில் இன்டர்ன்ஷிப் கிரெடிட்டுக்குக் காட்டும்போது அந்த இரண்டையும்தான் முதலில் பார்ப்பார்கள்.